ஒரு சூராவுக்குள் பத்தாண்டு இடைவெளியா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

குர்ஆனின் முஸ்ஸம்மில் (73ஆவது) சூராவின் தலைப்பில் 'மக்கீ' என்று இருக்கிறது. ஆனால் கடைசி வசனம் போரிடுவோரைப் பற்றியும் ஸகாத் பற்றியும் பேசுகிறது. மக்காவில் போர் ஏது? எது முந்தியது, எது பிந்தியது என்று ஆலிம்கள் எதை வைத்துச் சொல்கிறார்கள்?

அன்புள்ள நண்பருக்கு,

மக்கீ, மதனீ என்பவை பெரும்பாலான ஆலிம்களின் வழக்கில் ஊரைக் குறிப்பதில்லை, காலத்தைக் குறிக்கின்றன. 622இல் நபியவர்கள் மக்காவிலிருந்து மதீனாவுக்குக் குடிபெயர்ந்த ஹிஜ்ரத்துக்கு முன் இறங்கியது மக்கீ, பின் இறங்கியது மதனீ. 'இன்று உங்கள் மார்க்கத்தை நிறைவாக்கிவிட்டேன்' என்ற வசனம் (5:3) மக்காவை ஒட்டிய அரஃபாவில் இறங்கியும் மதனீதான், ஏனென்றால் அது இறுதி ஹஜ்ஜின்போது வந்தது.

நபியவர்கள் இப்படிப் பட்டியல் போட்டுத் தரவில்லை. அதனால் நபித்தோழர்களான ஸஹாபாக்களிடமிருந்து வந்த அறிவிப்புகளைத்தான் ஆலிம்கள் முதலில் பார்ப்பார்கள். அறிவிப்பு இல்லாத இடத்திலும், அறிவிப்புகள் முரண்படும் இடத்திலும் வசனத்தின் நடையையும் பொருளையும் எடைபோடுவார்கள்.

முஸ்ஸம்மிலில் நடை வெளிப்படையாகவே மாறுகிறது. முதல் 19 வசனங்களும் குறுகியவை, அவற்றின் தொடக்கம் இரவில் எழுந்து தொழச் சொல்கிறது. அவை பெரும்பாலும் 'லா' என்ற ஓசையில் முடிகின்றன. 20ஆவது மட்டும் தனியாக அரைப் பக்கம் நீண்டு, 'ரஹீம்' என்று முடிகிறது. நோயாளிகள், பிழைப்புக்காகப் பயணம் செய்வோர், போரிடுவோர் இருப்பார்கள் என்பதால் முடிந்த அளவு ஓதினால் போதும் என்று அது சுமையைக் குறைக்கிறது. போருக்கு அனுமதி வந்தது ஹிஜ்ரத்துக்குப் பிறகு என்பதால், இதை மதனீ என்று பலர் கொண்டார்கள். 1924இல் கெய்ரோவில் அச்சான முஸ்ஹஃபின் தலைப்பிலும் இந்த வசனம் விதிவிலக்காகக் குறிக்கப்பட்டிருக்கிறது. உங்கள் பதிப்பு அந்தக் குறிப்பை விட்டுவிட்டது போலிருக்கிறது.

ஆனால் விஷயம் அதோடு தீரவில்லை. சூராவின் தொடக்கத்தில் இரவுத் தொழுகை கடமையானது, அதன் முடிவுப் பகுதி பன்னிரண்டு மாதம் கழித்தே இறங்கியது என்று ஆயிஷா (ரலி) சொன்ன அறிவிப்பு ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. தொடக்கம் மக்காவின் ஆரம்ப ஆண்டுகளைச் சேர்ந்தது என்றால், ஓராண்டு கழித்தும் நாம் மக்காவில்தான் நிற்கிறோம். அதனால் வசனம் முழுவதும் மக்கீயே என்போரும் உண்டு. போர் பற்றிய சொல் 'இனி இருப்பார்கள்' என்ற எதிர்காலத்தில் வருவதை அவர்கள் காட்டுவார்கள். ஸகாத் என்ற சொல்லும் முஃமினூன் போன்ற மக்கீ சூராக்களில் இருக்கிறது (23:4). மதீனாவில் வந்தது அதன் விரிவான சட்டம்தான்.

ஆகவே ஸகாத்தை ஆதாரமாகக் கொள்ள மாட்டேன், அது பலவீனமானது. போர் பற்றிய குறிப்பும் ஓசை முறிவும் சேர்ந்து நிற்பதால் மதனீ என்ற பக்கமே எனக்குக் கனமாகப் படுகிறது. ஆனால் அந்தப் பன்னிரண்டு மாதத்துக்கு மதனீ என்போர் தரப்பில் இன்னும் நல்ல பதில் வேண்டும்.