கூடையில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ‘லிட்டில் ரெட் ரைடிங் ஹூட்’ கதை ஆதியில் எப்படி இருந்தது, பிறகு எப்படி மாறியது என்று பள்ளியில் ப்ராஜெக்ட் கொடுத்திருக்கிறார்கள். ஒரு இடத்தில் ஓநாய் சிறுமியைத் தின்றதோடு கதை முடிகிறது. இன்னொன்றில் வேட்டைக்காரர் வந்து காப்பாற்றுகிறார். யூடியூபில், சிறுமியே பாட்டியின் கறியைத் தின்றாள், அதுதான் ஒரிஜினல் என்கிறார்கள். ‘கிரிம் சகோதரர்களின் உண்மைக் கதைகள்’ என்று 650 ரூபாய்க்கு ஒரு புத்தகமும் வாங்கினேன். அதில் கூடையில் வெண்ணெய் இருக்கிறது, வேட்டைக்காரரும் வருகிறார். எதைத்தான் நம்புவது?

பதில்: மூன்றும் உண்மையான கதைகள்தான். மூன்றும் வேறு வேறு ஆட்கள் வேறு வேறு காலத்தில் எழுதி வைத்தவை. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தில்தான் சிக்கல் இருக்கிறது, அதைக் கடைசியில் பார்ப்போம்.

அச்சில் நமக்குக் கிடைக்கும் முதல் ‘சிவப்புத் தொப்பிச் சிறுமி’ சார்ல் பெரோ என்ற பிரெஞ்சுக்காரருடையது. 1697-இல் பாரிஸில் அச்சானது. பெரோ அரசவையோடு நெருங்கிப் பழகியவர். அம்மா சிறுமியிடம் ஒரு அப்பமும் சின்னச் சட்டியில் வெண்ணெயும் கொடுத்து அனுப்புகிறாள். காட்டில் ஓநாய் எதிர்ப்படுகிறது, ஆனால் பக்கத்தில் விறகு வெட்டுகிறவர்கள் இருப்பதால் அங்கேயே அவளைத் தின்னத் துணியவில்லை. முந்திப் போய்ப் பாட்டியை விழுங்கிவிட்டு, பாட்டியின் படுக்கையில் படுத்துக்கொண்டு சிறுமியையும் அருகே கூப்பிடுகிறது. கை ஏன் பெரிதாக இருக்கிறது, காது ஏன் பெரிதாக இருக்கிறது என்று அவள் கேட்டுக்கொண்டே வந்து பல்லில் நிறுத்துகிறாள். “உன்னைத் தின்னத்தான்” என்று சொல்லி ஓநாய் அவளையும் தின்றுவிடுகிறது. கதை அவ்வளவுதான். யாரும் வந்து காப்பாற்றுவதில்லை. கீழே ஒரு செய்யுளில் பெரோ தன் நீதியைச் சொல்லிவிடுகிறார்: இளம்பெண்களே, கண்டவர் பேச்சைக் கேட்காதீர்கள், இனிக்க இனிக்கப் பேசிக்கொண்டு பின்னால் வரும் ஓநாய்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. அவர் மனதில் இருந்தது நாலு கால் ஓநாய் இல்லை.

இந்தக் கதைக்கு 1695-ஆம் ஆண்டுக் கையெழுத்துப் பிரதி ஒன்று உண்டு. இப்போது நியூயார்க்கில் மோர்கன் நூலகத்தில் இருக்கிறது. “உன்னைத் தின்னத்தான்” என்ற இடத்தில் ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறது: குழந்தையை ஓநாயே தின்ன வருவதுபோல் பயமுறுத்த, இந்தச் சொற்களை உரத்த குரலில் சொல்ல வேண்டும். உங்கள் மகளின் ப்ராஜெக்டில் இந்த ஒரு வரி இருந்தாலே போதும் என்பேன். இந்த முடிவு குழந்தைகளிடமிருந்து மறைத்து வைத்திருந்த விஷயமே இல்லை. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, அது வீறிட்டுக் கத்தும்படி சொன்ன கதை.

அடுத்தது 1812. ஜெர்மனியில் யாக்கோப், வில்ஹெல்ம் என்ற கிரிம் சகோதரர்கள் தங்கள் முதல் தொகுதியில் இதை 26-ஆம் கதையாகச் சேர்த்தார்கள். கூடையில் இப்போது கேக்கும் ஒயினும். சிறுமி படுக்கையில் ஏறுவதில்லை, திரையை விலக்கிப் பக்கத்தில் நின்றபடியே கேள்வி கேட்கிறாள். ஓநாய் அவளை விழுங்கிவிட்டுக் குறட்டை விடுகிறது. அந்த வழியாகப் போன வேட்டைக்காரர் குறட்டைச் சத்தம் கேட்டு உள்ளே வந்து, கத்திரிக்கோலால் வயிற்றை வெட்ட, சிறுமியும் பாட்டியும் உயிரோடு வருகிறார்கள். அப்புறம் ஓநாயின் வயிற்றில் கல்லை நிரப்புகிறார்கள், அது எழுந்து ஓடப் பார்த்து விழுந்து சாகிறது. கதையை மென்மையாக்கியது கார்ட்டூன் படக்காரர்கள்தான் என்று எல்லோரும் சொல்வார்கள். சிறுமியை உயிரோடு மீட்கும் முடிவு 1812-லேயே வந்துவிட்டது, கொண்டுவந்தவர்கள் கிரிம்கள். வயிற்றைக் கிழித்துக் கல்லை நிரப்புவது ‘ஓநாயும் ஏழு ஆட்டுக்குட்டிகளும்’ என்ற இன்னொரு கதையில் உள்ள முடிவு. வேட்டைக்காரர் 1800-இல் லுட்விக் டீக் எழுதிய நாடகத்திலேயே இருக்கிறார். அங்கே அவர் ஓநாயைச் சுட்டுக் கொல்கிறார், ஆனால் சிறுமி பிழைப்பதில்லை.

இங்கே ஒரு பொறியைச் சொல்லியாக வேண்டும், வருடா வருடம் பிள்ளைகள் இதில் விழுகிறார்கள். கிரிம் சகோதரர்கள் கிராமம் கிராமமாக நடந்து, கிழவிகள் வாயால் சொன்ன ஆதிகாலக் கதைகளை அப்படியே எழுதினார்கள் என்று எல்லா இணையதளத்திலும் இருக்கும். இந்தக் கதையை அவர்களுக்குச் சொன்னவர்கள் காஸல் நகரத்தில் வசதியான ஹாசன்ஃப்ளூக் வீட்டுப் பெண்களான ஜானெட்டும் மாரியும். தாய் வழியில் பிரெஞ்சுக் குடும்பம். பெரோவின் கதை அந்த வீட்டுக்குத் தெரியாமல் இருந்திருக்கும் என்று நம்புவது கஷ்டம். ஆகவே ‘ஜெர்மன் மூலம்’ என்று தனியாக ஒன்றை எழுத வேண்டாம்.

இன்னொரு பொறி, கிரிம்களின் முதல் பதிப்பு கொடூரமானது, 1857-இல் வந்த ஏழாம் பதிப்பு சாதுவானது என்ற சூத்திரம். ரப்புன்செல் கதைக்கு அது சரி. இந்தக் கதையில் ஓநாயும் வயிறும் கல்லும் இரண்டு பதிப்பிலும் அப்படியே இருக்கின்றன. மாறியது அம்மாவின் பேச்சு. 1812-இல், வழியை விட்டு விலகாதே, விழுந்து கண்ணாடிப் போத்தலை உடைத்துவிடுவாய் என்ற அளவில் சொல்லி அனுப்புகிறாள். 1857-இல் வெயில் ஏறுமுன் கிளம்பு, உள்ளே போனதும் காலை வணக்கம் சொல்ல மறக்காதே, மூலை முடுக்கெல்லாம் எட்டிப் பார்க்காதே என்று புத்திமதி கூடிவிட்டது. கதையைக் குழந்தைகளுக்கு ஆக்குவது என்றால் பாதி நேரம் இதுதான் நடக்கிறது. பயம் குறைவதில்லை, ஒழுக்கம் கூடுகிறது.

சரி, கறி தின்ற கதைக்கு வருவோம். அது புளுகு இல்லை. பிரான்சின் நடுப்பகுதியில் நிவர்னே என்ற வட்டாரத்தில், அஷீல் மில்லியன் என்பவர் 1885 வாக்கில் நாட்டார் வாயிலிருந்து எழுதிக்கொண்டது. 1950-களில் போல் தெலாரு என்ற ஆய்வாளர் வெளிக்கொண்டு வந்த பிறகுதான் பரவலாகத் தெரிந்தது. சிவப்புத் தொப்பியே கிடையாது. கூடையில் சூடான ரொட்டியும் ஒரு போத்தல் பாலும். எதிர்ப்படுவது ஓநாயாக மாறும் மனிதன். ஊசி வழியா, குண்டூசி வழியா என்று கேட்டுவிட்டு அவன் முந்திப் போகிறான், பாட்டியைக் கொன்று கறியை அலமாரியிலும் இரத்தத்தைப் போத்தலிலும் வைக்கிறான். பசியோடு வந்த சிறுமி தெரியாமல் தின்கிறாள், வீட்டுப் பூனை அவளைத் திட்டுகிறது. ஆனால் யூடியூப்காரர்கள் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள், முடிவைச் சொல்வதில்லை. சிறுமி தப்பித்துவிடுகிறாள்! வெளியே போக வேண்டும் என்று சாக்குச் சொல்கிறாள். அவன் காலில் கயிறு கட்டி அனுப்ப, அவள் அதை அவிழ்த்துப் பிளம் மரத்தில் கட்டிவிட்டு வீட்டுக்கு ஓடிவிடுகிறாள். யார் உதவியும் இல்லாமல், தன் புத்தியால்.

இது பெரோவுக்கும் முந்தியதா? பழைய வாய்மொழிக் கதையிலிருந்து கறியையும் தப்பித்தலையும் நீக்கிவிட்டுத் தொப்பியைப் பெரோ போட்டார் என்று தெலாரு வாதிட்டார், அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எழுத்தில் ஏறியது பெரோவுக்கு ஏறக்குறைய 190 வருடம் பின்னால். “இதுதான் ஒரிஜினல்” என்று எழுதினால் மகள் தப்பாகத்தான் எழுதுகிறாள். “1885-இல் பதிவான வாய்மொழிக் கதை, இதைவிடப் பழைய வடிவத்தைக் காட்டக்கூடும்” என்று எழுதட்டும்.

கொடூரமாக இருந்தால் பழையது, மென்மையாக இருந்தால் புதியது என்ற நம்பிக்கையை உடைக்க ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், ஏனென்றால் எந்த ப்ராஜெக்டிலும் நான் இதைப் பார்த்ததில்லை. பெரோவுக்கு ஆறு நூற்றாண்டுக்கும் அதிகமாக முந்தி, 1020-களில், லீஜ் நகரத்துப் பாதிரியார் எக்பர்ட் மாணவர்களுக்காக லத்தீனில் ஒரு செய்யுள் நூல் எழுதினார். அதில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி. ஞானஸ்நானத்தின்போது ஞானத்தந்தை அவளுக்கு ஒரு சிவப்புக் கம்பளி அங்கி கொடுத்திருக்கிறார். விடியற்காலையில் அவள் தனியாகப் போக, ஓநாய் பிடித்துக்கொண்டு போய்த் தன் குட்டிகளுக்குப் போடுகிறது. குட்டிகளால் அவளைக் கிழிக்க முடியவில்லை, தலையை நக்கிக் கொடுக்க ஆரம்பிக்கின்றன. “எலிகளே, இந்த அங்கியைக் கிழிக்காதீர்கள், ஞானத்தந்தை கொடுத்தது” என்கிறாள் அவள். பாட்டி இல்லை, கூடை இல்லை, கேள்வி பதில் இல்லை. இதே கதைதானா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை. ஆனால் சிவப்பு உடை, சிறுமி, ஓநாய் மூன்றும் சேர்ந்து வரும் இந்தப் பழைய எழுத்தில் ஒரு சொட்டு இரத்தம் கூட இல்லை.

அதற்குப் பிந்திய மாற்றங்கள் எளிது. பல ஆங்கிலப் படப்புத்தகங்களில் பாட்டி அலமாரிக்குள் ஒளிந்துகொள்கிறாள், விறகுவெட்டி ஓடி வருகிறார், ஓநாய் யாரையும் விழுங்குவதில்லை. 1990 வாக்கில் கலிஃபோர்னியாவில் இரண்டு பள்ளி மாவட்டங்கள் ஒரு படப்புத்தகத்தை விலக்கி வைத்தன. விழுங்குவதற்காக இல்லை, கூடையில் ஒயின் இருந்ததற்காக.

இப்போது உங்கள் 650 ரூபாய். வெண்ணெய் பெரோவுடையது. வேட்டைக்காரர் கிரிம்களுடையவர். இரண்டும் ஒரே கதையில் இருந்தால் யாரோ இரண்டையும் கலந்து எழுதி, மேலே கிரிம் பெயரை ஒட்டியிருக்கிறார். ‘உண்மையான’, ‘தணிக்கை செய்யாத’ என்று அட்டையில் போடுகிறவர்களை நம்பவே வேண்டாம். கண்காட்சியில் அப்படி ஒன்றை வாங்கி நானே ஏமாந்திருக்கிறேன், உள்ளே மொழிபெயர்த்தவர் பெயர் கூட இல்லை. வாங்குமுன் முதல் இரண்டு பக்கத்தைப் புரட்டி, எந்த ஆண்டுப் பதிப்பிலிருந்து, யார் மொழிபெயர்த்தது என்று பாருங்கள். இல்லையென்றால் வைத்துவிட்டு வாருங்கள். ப்ராஜெக்டையே செய்து தருகிறேன் என்கிற ஜெராக்ஸ் கடைக்காரரிடமும் போகாதீர்கள், போன வருடப் பிள்ளையின் தப்பையே ஆர்ட் பேப்பரில் ஒட்டித் தருவார். பாடப்புத்தகங்களையும் சொல்ல வேண்டும். எழுதியவர் பெயரும் ஆண்டும் இல்லாமல் கதையை அச்சடித்துவிட்டு, ‘ஒரிஜினலைக் கண்டுபிடி’ என்று பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் கேட்பது எந்த ஊர் நியாயம்?

மகளிடம் ஒரு தாளில் நான்கு கட்டம் போடச் சொல்லுங்கள்: எழுத்தில் ஏறிய ஆண்டு, எழுதியவர், கூடையில் என்ன, கடைசியில் யார் பிழைத்தார்கள். மேலே சொன்ன நான்கையும் வரிசையாக எழுதினால் 1020-களில் சிறுமி பிழைக்கிறாள், 1697-இல் சாகிறாள், 1812-இல் மீட்கப்படுகிறாள், 1885-இல் தானே தப்பிக்கிறாள். வீட்டிலிருக்கும் 650 ரூபாய்ப் புத்தகத்துக்கு ஐந்தாவதாக ஒரு வரி ஒதுக்கி, ‘ஆண்டு தெரியாது, எழுதியவர் தெரியாது, வெண்ணெய், எல்லோரும் பிழைத்தார்கள்’ என்றே நிரப்பட்டும்.