சிவப்புக் கோடு காட்டாத கிளிப்பிங்

“நேர்காணல் பதிவில் பாதி வரை எடிட் செய்த பிறகுதான், சிரிக்கும் இடங்களில் குரல் கரகரப்பது தெரிந்தது. அடாசிட்டி மென்பொருளில் Show Clipping போட்டுப் பார்த்தேன். ஒரு சிவப்புக் கோடுகூட இல்லை. முழுவதையும் கேட்காமல், முதலிலேயே கண்டுபிடிக்க முடியாதா?”

முடியும். அந்தச் சிவப்புக் கோடு, அலை பதிவின் உச்ச வரம்பான 0 டெசிபலைத் தொட்டால் மட்டுமே வரும். மைக்கின் முன்பெருக்கியிலேயே ஒலி வரம்பு மீறி உச்சி வெட்டுப்பட்டு, அதாவது கிளிப்பிங் ஆகி, அதன்பின் அளவு குறைக்கப்பட்டிருந்தால், வெட்டிய உச்சி 0-க்குக் கீழே எங்கோ நிற்கும். மென்பொருளுக்கு அது வெறும் சத்தம் குறைந்த பதிவுதான்.

அண்மையில் என்னிடம் வந்த 52 நிமிடப் பதிவு அப்படிப்பட்டது. முழு நீளத்தையும் திரையில் அடக்கிப் பார்த்தபோது, சத்தமான இடங்கள் எல்லாம் மைனஸ் 6 டெசிபல் அருகே, கத்தரித்த வேலிபோல ஒரே மட்டத்தில் நின்றன. இயல்பான பேச்சில் உச்சிகள் ஏறியிறங்கித்தான் இருக்கும். 17ஆவது நிமிடச் சிரிப்பை, மாதிரிப் புள்ளிகள் தனித்தனியாகத் தெரியும்வரை பெரிதாக்கினேன். வளைந்திருக்க வேண்டிய முகடு மேசைபோலத் தட்டையாக இருந்தது.

இப்படி எல்லா இடத்தையும் கண்ணால் தேடுவது வீண் வேலை. பதிவின் நகல் ஒன்றை எடுத்து, அதில் Amplify விளைவை அது தானாகக் காட்டும் அளவிலேயே இயக்குங்கள். மிக உயர்ந்த உச்சி 0-க்கு வந்துவிடும். அதே மட்டத்தில் வெட்டுப்பட்ட மற்றவையும் கூடவே வரும். பிறகு Analyze பட்டியலில் Find Clipping கொடுத்தால், ஒவ்வோர் இடத்திலும் லேபிள் விழும். நடுவில் ஒரு இருமலோ மேசைத் தட்டலோ எல்லாவற்றையும்விட உயர்ந்திருந்தால் இந்த உத்தி பலிக்காது. அந்தத் துண்டை நகலில் மௌனமாக்கிவிட்டு மறுபடி இயக்க வேண்டும். முன்பெருக்கியில் மெல்ல நசுங்கிய உச்சிகள் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. அவற்றில் பல லேபிளுக்குத் தப்பிவிடும்.

தப்பியவற்றைப் பிடிக்க, ஒலியின் அலைவரிசைகளைக் கீழிருந்து மேலாகப் படமாக்கிக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராமுக்கு மாறுங்கள். உயிரொலியின் வலு பெரும்பாலும் கீழ் அலைவரிசைகளில்தான் இருக்கும். மேலே போகப் போக மங்கும். வெட்டுப்பட்ட இடத்தில் புதிய மேற்சுரங்கள் பிறப்பதால், கீழிருந்து உச்சிவரை பளிச்சென்ற செங்குத்துப் பட்டை எழும். ‘ஸ’, ‘ஷ’ ஒலிகளும் மேலே பளிச்சிடும், ஆனால் அவற்றின் அடிப்பகுதி இருண்டிருக்கும். ‘ப’ ஒலியில் மைக்கில் மோதும் காற்று, அடியில் மட்டும் திட்டாகத் தேங்கும். தொடக்கத்தில் நானே இதைக் கிளிப்பிங் என்று எண்ணி வீணாகக் குறித்து வைத்ததுண்டு.

மின்சார முனகல் இருந்தால், 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும், சில நாடுகளில் 60-லும், பேச்சு நின்ற பிறகும் அறுபடாத கிடைக்கோடுகள் ஓடும். ஸ்பெக்ட்ரோகிராம் அமைப்பில் Window size 8192 வைத்தால் அவை பிரிந்து தெரியும். செங்குத்துப் பட்டைகளைத் தேடும்போது அதை 512-க்குக் குறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பட்டை பக்கவாட்டில் பரவி, எந்த அசையில் வெட்டு விழுந்தது என்பது குழம்பிவிடும்.