தூறலுக்குக் குடையை எவ்வளவு சாய்ப்பது?

"ஏற்காடு ஏரிக்கரையிலிருந்து லேடீஸ் சீட் பக்கம் தினமும் வேலைக்கு நடந்துதான் போகிறேன். பெய்வது பெரும்பாலும் தூறல்தான். குடை பிடித்தும் நெஞ்சிலிருந்து கீழே சட்டை முன்பக்கம் தொப்பலாகிவிடுகிறது. சேலத்தில் கொட்டுகிற மழையில்கூட இப்படி நனைந்ததில்லை. பள்ளியில் சார்புத் திசைவேகம் படித்த ஞாபகம் இருக்கிறது. குடையை எத்தனை டிகிரி சாய்க்க வேண்டும்?"

காற்று அடிக்காத தூறல் என்றால், நடக்கும் திசையில் முன்பக்கமாகச் சுமார் 35 டிகிரி. சேலத்துப் பெருமழைக்கு 10 டிகிரியே போதும். நடை அதேதான், துளி விழும் வேகம்தான் வேறு.

துளி விழ விழ வேகம் கூடிக்கொண்டே போவதில்லை. காற்றின் தடை அதன் எடைக்குச் சமமானதும் ஒரே வேகத்தில் இறங்கத் தொடங்கிவிடும். அந்த வேகம் துளியின் அளவைப் பொறுத்தது. அரை மில்லிமீட்டர் தூறல் துளி நொடிக்கு 2 மீட்டர் அளவில் மெதுவாக இறங்கும். 3 மில்லிமீட்டர் பெருந்துளி நொடிக்கு 8 மீட்டர். ஏற்காடு 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்று கொஞ்சம் லேசு, துளி சற்று வேகமாக விழும். ஆனால் கோணத்தில் அது பெரிதாகத் தெரியாது.

இனி உங்கள் நடை. மணிக்கு 5 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 1.4 மீட்டர். மழையின் திசைவேகத்திலிருந்து உங்கள் திசைவேகத்தைக் கழித்தால், நீங்கள் நிற்பது போலவும் மழை 1.4 மீட்டர் வேகத்தில் எதிரே வருவது போலவும் ஆகிவிடும். கீழே இறங்குவது 2, முகத்தை நோக்கி வருவது 1.4. செங்குத்திலிருந்து அளக்கும் சாய்வு θ என்றால்:

tan θ = 1.4 ÷ 2 = 0.7, θ ≈ 35°

பெருந்துளிக்கு 1.4 ÷ 8 = 0.175, அதாவது 10 டிகிரி. இங்கே பலர் தடுக்கி விழும் இடம் அலகு. நடையை மணிக்குக் கிலோமீட்டரிலும் மழையை நொடிக்கு மீட்டரிலும் வைத்து 5 ÷ 2 என்று போட்டால் 68 டிகிரி வரும். அப்படிப் பிடித்தால் சாலையே தெரியாது.

நெஞ்சிலிருந்து நனைவதற்கும் இதே கணக்கில் காரணம் இருக்கிறது. குடை விரிந்தால் ஒரு மீட்டர் அகலம், அதை நேராகப் பிடிக்கிறீர்கள், முன் விளிம்பு தரையிலிருந்து 180 சென்டிமீட்டர் உயரத்தில், உடலுக்கு 35 சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விளிம்பை உரசி வரும் தூறல் துளி அந்த 35 சென்டிமீட்டரைக் கடப்பதற்குள் 35 ÷ 0.7 = 50 சென்டிமீட்டர்தான் இறங்கியிருக்கும். ஆக 130 சென்டிமீட்டர் உயரத்தில், சரியாக உங்கள் நெஞ்சில் படுகிறது. சேலத்துப் பெருந்துளி அதே தூரத்துக்குள் 2 மீட்டர் இறங்கிவிடும், அதாவது உங்களைத் தொடும் முன்பே தரைக்குப் போய்விடும். கொட்டுகிற மழையில் தப்பித்துத் தூறலில் நனைவதன் ரகசியம் இவ்வளவுதான்.

கோணம் தெரிந்தால் மட்டும் போதாது, குடை இருக்கும் இடமும் முக்கியம். பெரும்பாலோர் கம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடப்பார்கள். கைக்குச் சுகம்தான், ஆனால் அது குடையைப் பின்னால் சாய்க்கிறது, மழை வரும் பக்கம் திறந்து கிடக்கிறது. கம்பி துளி வரும் கோட்டுக்கு இணையாக இருக்க வேண்டும். கம்பியை அப்படியே கீழே நீட்டினால் இடுப்புக்குச் சற்று மேலே உடலைத் தொட வேண்டும். அதற்குக் கை தோள் உயரத்தில், ஒன்றரைச் சாண் முன்னால் போகும். சாய்வை ஊகிக்கக் கடிகார முள்ளை நினைத்துக்கொள்ளுங்கள்: 12-லிருந்து 1 வரை 30 டிகிரி, உங்கள் தூறலுக்கு 1-ஐச் சற்றே தாண்ட வேண்டும்.

இவ்வளவு செய்தும் கணுக்கால் பக்கம் நனையத்தான் செய்யும், குடையைக் குறை சொல்ல வேண்டாம். 160 சென்டிமீட்டர் உயரமும் 30 சென்டிமீட்டர் கனமும் உள்ள உடலை 35 டிகிரியில் வரும் மழையிலிருந்து முழுக்க மறைக்க 116 சென்டிமீட்டர் அகலக் குடை வேண்டும். ஒரு மீட்டர் குடையில் தலையைக் காப்பாற்றினால் காலில் கீழே 28 சென்டிமீட்டர் வெளியே நிற்கும். பையில் அடங்கும் மடக்குக் குடை இன்னும் சிறியது. போதாக்குறைக்கு, வீசி எடுத்து வைக்கும் கால் உடலைவிட இரண்டு மடங்குக்கு மேல் வேகமாக முன்னே பாய்கிறது, அதற்கு மழை இன்னும் படுக்கையாக வரும்.

மலையில் காற்று இல்லாத நாள் குறைவு என்பதால் அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தூறல் துளி காற்றோடு காற்றாகப் போகும். எதிர்க்காற்று நொடிக்கு 1 மீட்டர் என்றால் மழை எதிரே வரும் வேகம் 2.4 ஆகிறது, 2.4 ÷ 2 = 1.2, கோணம் 50 டிகிரி. அதே தூறலில், அதே காற்றில் திரும்பி வரும்போது காற்று முதுகில் அடிக்கும். 1.4-இல் 1 போக மீதி 0.4, கோணம் 11 டிகிரிதான். பின்காற்று 1.4-ஐத் தாண்டினால் குடையைப் பின்பக்கம் சாய்க்க வேண்டும், அப்போது மட்டும் தோளில் சாய்ப்பது சரி. 50 டிகிரியில் குடை முகத்தை மறைத்துவிடும். வளைவில் வண்டி வருவது தெரியாது என்பதால் அங்கே நனைந்தாலும் பரவாயில்லை, குடையை உயர்த்திவிடுங்கள்.

துளி அளவையும் காற்று வேகத்தையும் யார் அளந்துகொண்டிருப்பது? கைபேசி போதும். கேமராவில் ஷட்டர் நேரத்தைக் கையால் மாற்றும் வசதி இருந்தால் 1/60 நொடி வையுங்கள். வழக்கமான வேகத்தில் நடந்துகொண்டே, கைபேசியைச் செங்குத்தாக, கேமரா சாலையின் பக்கவாட்டைப் பார்க்க, இருண்ட மரங்கள் பின்னணியாக வரும்படி பிடித்துப் படம் எடுங்கள். அருகில் விழும் துளிகள் மூன்று நான்கு சென்டிமீட்டர் நீளக் கோடுகளாகப் பதியும். கேமராவும் உங்களோடு நடப்பதால், படத்தின் செங்குத்து ஓரத்தோடு அந்தக் கோடு செய்யும் சாய்வே குடைக்கு வேண்டிய கோணம். நின்றுகொண்டு எடுத்தால் காற்றின் சாய்வு மட்டுமே வரும், நடை அதில் சேராது. பக்கக் காற்று பலமாக இருக்கும் நாளிலும் இந்தப் படத்தை நம்பாதீர்கள், குடையைப் பக்கவாட்டிலும் சேர்த்துத் திருப்ப வேண்டியிருக்கும்.

மேகமே சாலையில் இறங்கி நிற்கும் நாளில் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. மூடுபனித் துளி ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான், நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் இறங்கும். சூத்திரத்தில் போட்டால் கோணம் 89 டிகிரியைத் தாண்டுகிறது, குடையைக் கேடயம் போல முகத்துக்கு நேரே பிடிக்கச் சொல்கிறது. அப்படிப் பிடித்தாலும் அந்தத் துளி குடையைச் சுற்றி வரும் காற்றோடு உள்ளே வந்துவிடும். அன்றைக்கு மழைக்கோட்டுதான்.