நகையை அடகு வைக்காதீர்கள்: ஆங்கிலப் பிழை காணும் பகுதிக்கு மூன்று வாசிப்பு

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தாய் எழுதியிருந்தார். மகள் வணிகப் பிரிவில் உயர்தரம் முடித்துவிட்டு வங்கி வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறாள். எழுதிய இரண்டு தேர்விலும் கணக்கு நன்றாகச் செய்திருக்கிறாள். விழுந்தது ஆங்கிலத்தில், அதிலும் வாக்கியத்தில் பிழை எங்கே என்று காட்டச் சொல்லும் பகுதியில். கனடாவிலுள்ள சித்தப்பா, "ஒரு நல்ல இங்கிலீஷ் டிப்ளோமாவில் சேர்த்துவிடுங்கள், அதைப் பிடித்துக்கொண்டு வெளிநாட்டுப் பட்டத்துக்கும் போகலாம்" என்று ஒவ்வொரு வாரமும் அழைத்துச் சொல்கிறாராம். கட்டணம் பல இலட்சம். நகையை அடகு வைக்கலாமா என்று கேட்கிறார். பிள்ளைக்கு வெளிநாடு போக மனமில்லை, கணக்கு வேலைதான் பிடிக்கும் என்று கடிதத்தின் கடைசி வரியில் ஒரு சொல். என் கண்ணில் முதலில் பட்டது அந்த வரிதான்.

அம்மா, யோசிக்க வேண்டாம், எல்லாம் சரியாகிவிடும் என்று எழுதி அனுப்புவது எனக்குச் சுலபம். உங்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. நேரடியாகவே சொல்கிறேன்: அந்த டிப்ளோமாவுக்குப் பணம் கட்டாதீர்கள். வெளிநாட்டுப் பட்டம், சீமா கணக்கியல் படிப்பு, மற்றக் கோர்ஸ்கள் பற்றிச் சொல்ல ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதற்குள் நான் போகவில்லை. உங்கள் மகள் செய்து அனுப்பிய பயிற்சித் தாளைப் பற்றி மட்டும் பேசுகிறேன். மருந்து என்ன என்று அந்தத் தாளே சொல்கிறது.

20 வாக்கியங்களில் 9 தவறு. அந்த ஒன்பதையும் பிரித்துப் பார்த்தேன். 'அ', 'அன்', 'த' என்ற ஆர்ட்டிக்கிளில் நான்கு, 'இன்', 'அட்', 'ஃபோர்' போன்ற ப்ரெப்பொசிஷனில் மூன்று, வினையின் காலம் காட்டும் டென்ஸில் ஒன்று. மிச்சமுள்ள ஒன்று, பிழையே இல்லாத வாக்கியத்தில் பிழை இருப்பதாக அடையாளமிட்டது. ஆங்கிலம் தெரியாத பிள்ளையின் தாள் இப்படி இருக்காது. எல்லாவற்றையும் ஒரே பார்வையில் பார்க்க முயன்று, கண் பிடித்ததைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறாள். பேச்சுப் பயிற்சியும் மேடைப் பயிற்சியும் உள்ள டிப்ளோமா இதைத் தொடவே தொடாது.

வாக்கியத்தைப் பொருள் புரிவதற்காக வாசிக்கும்போது சின்னச் சொற்கள் மறைந்துபோகும். தமிழில் ஆர்ட்டிக்கிள் என்று ஒன்று இல்லை. ஆகவே நம் பிள்ளைகளுக்கு 'த' விடுபட்டாலும் வாக்கியம் முழுமையாகவே தெரியும். இதற்கு வழி, ஒரே வாக்கியத்தை மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் தேடி வாசிப்பது. முதலில் டென்ஸ், அப்புறம் ஆர்ட்டிக்கிள், கடைசியில் ப்ரெப்பொசிஷன். டென்ஸ் முழு வாக்கியத்தையும் பார்த்துத் தீர்மானிப்பது, அதனால் அது முதலில். ஆர்ட்டிக்கிள் ஒவ்வொரு பெயர்ச்சொல்லாகப் போவது. ப்ரெப்பொசிஷனில் பெரும்பகுதி நினைவை நம்பியது, எனவே கடைசியில்.

ஒரு வாக்கியத்தை எடுத்துச் செய்து காட்டுகிறேன். பயிற்சிக்காக நானே பிழைகளைக் கூட்டி எழுதினேன். இந்த வகைத் தேர்வுகளில் வழக்கமாக ஒரு வாக்கியத்தில் ஒரு பிழைதான் இருக்கும், அல்லது ஒன்றும் இருக்காது.

'மை சிஸ்டர் ஹேஸ் ஜொய்ன்ட் அன் யுனிவர்சிட்டி இன் கொழும்பு இன் 2021 அன்ட் ஷீ இஸ் ஸ்டடியிங் தெயார் சின்ஸ் த்ரீ இயர்ஸ்.'

முதல் வாசிப்பில் வினைச்சொற்களின் கீழ் மட்டும் கோடு போட வேண்டும்: 'ஹேஸ் ஜொய்ன்ட்', 'இஸ் ஸ்டடியிங்'. பிறகு காலம் காட்டும் சொற்களைத் தேட வேண்டும். 'இன் 2021' என்பது முடிந்துபோன ஒரு நேரம். அப்படி முடிந்த நேரத்தைக் குறிப்பிட்டுவிட்டால் 'ஹேஸ்' அங்கே நிற்காது, 'ஜொய்ன்ட்' மட்டும் வரும். யெஸ்டர்டே, லாஸ்ட் மன்த் என்ற சொற்கள் வந்தாலும் இதே கதைதான். இரண்டாவது வினை மூன்று வருடமாகத் தொடர்ந்து இன்னும் முடியாதது. தமிழில் 'மூன்று வருடமாகப் படிக்கிறாள்' என்று நிகழ்காலத்தில் சொல்லிவிடுகிறோம், அந்தப் பழக்கம்தான் 'இஸ் ஸ்டடியிங்' என்று எழுத வைக்கிறது. ஆங்கிலத்தில் 'ஹேஸ் பீன் ஸ்டடியிங்' வர வேண்டும். இந்த வாசிப்பில் 'சின்ஸ்' உறுத்தினாலும் அதைத் தொடக் கூடாது. அதன் முறை பின்னால் வரும்.

இரண்டாவது வாசிப்பில் பெயர்ச்சொற்கள். 'சிஸ்டர்' முன்னால் 'மை' இருக்கிறது, அங்கே ஆர்ட்டிக்கிள் தேவையில்லை. 'கொழும்பு' ஊர்ப்பெயர். 'இயர்ஸ்' முன்னால் எண் இருக்கிறது. மிஞ்சுவது 'யுனிவர்சிட்டி'. எழுத்தில் அது 'யூ' என்ற உயிரெழுத்தில் தொடங்குவதால் பிள்ளைகள் 'அன்' போட்டுவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது எழுத்தை அல்ல, ஒலியை. வாயில் யகரம்தான் வருகிறது, ஆகவே 'அ யுனிவர்சிட்டி'. இதற்கு மறுதலையாக 'அன் அவர்', 'அன் எம்பிஏ'.

மூன்றாவது வாசிப்பில் 'இன் கொழும்பு' சரி, 'இன் 2021' சரி, 'சின்ஸ் த்ரீ இயர்ஸ்' தவறு. 'சின்ஸ்' தொடங்கிய புள்ளியைச் சொல்லும், 'ஃபோர்' நீளத்தைச் சொல்லும். மூன்று வருடம் ஒரு நீளம், எனவே 'ஃபோர் த்ரீ இயர்ஸ்'. இப்படியாக ஒரே வாக்கியத்தில் நான்கு இடங்கள் திருந்திவிட்டன.

உங்கள் மகள் அதிகம் இழந்தது ஆர்ட்டிக்கிளில்தான், அதனால் அதற்குக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறேன். இரண்டாவது வாசிப்பில் தேட வேண்டிய முதல் அறிகுறி, எண்ணக்கூடிய ஒருமைப் பெயர் ஒன்று முன்னால் எதுவும் இல்லாமல் தனியாக நிற்பது. 'ஹீ இஸ் டொக்டர்' என்றால் 'டொக்டர்' அப்படித் தனியாக நிற்கிறது. 'அ', 'த', 'மை', 'திஸ்' என்று ஏதாவது ஒன்று அதற்கு முன்னால் வர வேண்டும். இரண்டாவது அறிகுறி இதற்கு நேர் எதிர்: எண்ண முடியாத சொல்லுக்கு முன்னால் 'அ' அல்லது 'அன்' வருவது. 'அட்வைஸ்', 'இன்ஃபர்மேஷன்', 'ஃபர்னிச்சர்' மூன்றுக்கும் 'அ', 'அன்' கிடையாது, பின்னால் 'ஸ்' சேர்த்துப் பன்மையும் ஆக்க முடியாது. மூன்றாவது இடப்பெயர்கள். காலி றோட்டுக்கு 'த' இல்லை, களனி ஆற்றுக்கு 'த' உண்டு. ஸ்ரீலங்காவுக்கு இல்லை, மாலைதீவுக்கு உண்டு. ஆறுகளுக்கும் தீவுக்கூட்டங்களுக்கும் 'த' வரும் என்று எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தனித்தனியாக மனனம் செய்யத் தேவையில்லை.

ப்ரெப்பொசிஷனில் விதி தேடி அலைய வேண்டாம். அங்கே ஒரு சொல்லையும் அதோடு வரும் ப்ரெப்பொசிஷனையும் ஜோடியாகவே எழுதி வைக்க வேண்டும். நம் பிள்ளைகள் விழும் இடம் பெரும்பாலும் தமிழிலிருந்து அப்படியே வருவது. 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்கிறோம், உடனே 'டிஸ்கஸ் அபவுட்' என்று எழுதிவிடுகிறார்கள். 'டிஸ்கஸ்' தனியாகவே போதும். 'அவரோடு திருமணமானது' என்பது 'மேரீட் வித்' ஆகிறது, வர வேண்டியது 'மேரீட் டு'. 'குட் இன் மெத்ஸ்' இல்லை, 'குட் அட் மெத்ஸ்'. பிள்ளை எந்த ஜோடியில் தவறினாளோ அதை மட்டும் ஒரு கொப்பியில் எழுதட்டும். கடையில் விற்கும் நீளமான பட்டியலை வாங்கி வந்து ஒப்புவிப்பதைவிட அது மேல்.

இனி அந்த ஒன்பதாவது தவறு. தாளிலிருந்த வாக்கியம் இது: 'ஷீ ஹேஸ் பீன் வேர்க்கிங் அட் அ பாங்க் ஒன் காலி றோட் சின்ஸ் ஷீ லெஃப்ட் ஸ்கூல்.' உங்கள் மகள் 'லெஃப்ட்' என்பதில் வட்டம் போட்டிருக்கிறாள். முன்னால் 'ஹேஸ் பீன்' இருக்கிறதே, பின்னாலும் அப்படித்தானே வர வேண்டும் என்று நினைத்திருப்பாள். பாடசாலையை விட்டது முடிந்துபோன ஒரு நிகழ்வு, 'லெஃப்ட்' சரி. அந்தப் புள்ளியிலிருந்து வேலை தொடர்கிறது, 'சின்ஸ்' சரி. 'ஸ்கூல்' முன்னால் 'த' இல்லையே என்றும் சிலர் கை வைப்பார்கள். படிப்பை முடித்து வெளியேறியதைச் சொல்லும்போது 'லெஃப்ட் ஸ்கூல்' என்றே வரும். இதற்கு நான் பிள்ளைகளிடம் கேட்பது ஒன்றே ஒன்று: தவறு என்று ஓரிடத்தைக் காட்டினால், அங்கே என்ன வர வேண்டும் என்று வாய்விட்டுச் சொல். சொல்ல முடியவில்லையா, அந்த வட்டத்தை அழித்துவிடு. மூன்று வாசிப்பிலும் திருத்தம் எதுவும் வரவில்லையானால் 'நோ எரர்' என்று தயங்காமல் போட வேண்டும்.

இந்த முறை பிடிக்காத பிழைகளும் உண்டு. 'ஒன் ஒஃப் மை ஃப்ரெண்ட் ஆர் கமிங்' என்பதில் டென்ஸ், ஆர்ட்டிக்கிள், ப்ரெப்பொசிஷன் மூன்றும் சரியாகவே இருக்கும். 'ஃப்ரெண்ட்ஸ்' என்று பன்மை வர வேண்டும், வினை 'இஸ்' ஆக வேண்டும். ஒருமை பன்மைப் பொருத்தத்துக்காக நான்காவது வாசிப்பு ஒன்றைச் சேர்க்கலாம். ஆனால் முதல் மூன்றும் கைக்கு வந்த பிறகு. தொடக்கத்திலேயே சேர்த்தால் மறுபடியும் எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கத் தொடங்கிவிடுவாள்.

பயிற்சிக்குச் செலவு ஒரு ஆங்கிலப் பத்திரிகையின் விலைதான். வணிகப் பக்கத்தில் ஒரு பந்தியை எடுத்து, அதில் உள்ள ஆர்ட்டிக்கிள்களையும் ப்ரெப்பொசிஷன்களையும் விட்டுவிட்டு, வினைச்சொற்களின் அடிவடிவத்தை மட்டும் வைத்துக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். மறுநாள் பத்திரிகையைப் பார்க்காமல் மூன்று சுற்றில் நிரப்பட்டும்: முதலில் வினைகள், அப்புறம் ஆர்ட்டிக்கிள், கடைசியில் மற்றது. பிறகு அச்சிலுள்ளதோடு ஒப்பிட்டு, வேறுபட்ட இடங்களை மூன்று பத்தியாகப் பிரித்துக் குறிக்க வேண்டும். எந்தப் பத்தி நீளமாக இருக்கிறதோ அதுதான் அடுத்த வார வேலை. கணக்கும் வணிகமும் பற்றிய செய்தியாக இருப்பதால் அவளுக்குச் சலிக்காது. தொடக்கத்தில் ஒரு வாக்கியத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் போகும், போகட்டும். நேரம் பார்த்துச் செய்வது தேர்வு நெருங்கும்போது போதும்.

இரண்டு மாதம் இப்படிச் செய்தும் பத்திகள் சுருங்கவில்லை என்றால் ஒரு ஆசிரியரிடம் போகலாம். அப்போதும் டிப்ளோமா வேண்டாம். எழுதிய தாளை வரிவரியாகத் திருத்தித் தருவாரா, ஏன் தவறு என்று பக்கத்தில் எழுதுவாரா என்று முதலில் கேளுங்கள். இரண்டுக்கும் ஆம் என்பவருக்கு மாதக் கட்டணம் கொடுங்கள், மொத்தமாக முன்பணம் கட்டாதீர்கள்.

சித்தப்பாவுக்குப் பதில் சொல்ல உங்களுக்குச் சங்கடமாக இருக்கும், தெரியும். அவர் அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் அடகுச் சீட்டுக்கு வட்டி கட்டப்போவது நீங்கள், அந்த வகுப்பில் உட்காரப்போவது உங்கள் மகள். போக மனமில்லாத நாட்டுக்காகப் படிக்கும் படிப்பை அவள் பாதியில் விட்டால் கட்டிய பணம் பெரும்பாலும் திரும்பாது. அவர் அடுத்த முறை அழைக்கும்போது போனை மகளிடமே கொடுங்கள். வங்கி வேலைதான் வேண்டும் என்று அவளே சொல்லட்டும். அடுத்த தாளைச் செய்து முடித்ததும், மூன்று பத்தியும் பிரித்த கொப்பியோடு எனக்கு அனுப்பச் சொல்லுங்கள்.