அதிகாரப் பிரிவினை: விடை தவறும் நான்கு வினாக்கள்

“குரூப் 1 முதல்நிலைத் தேர்வுக்குப் படிக்கிறேன். அதிகாரப் பிரிவினை, கட்டுப்பாடுகளும் சமநிலைகளும் என்ற பகுதியில் இணையத்தில் கிடைக்கும் வினாத்தாள்களில் ஒன்றில் ‘அ’ என்றும் இன்னொன்றில் ‘இ’ என்றும் விடை இருக்கிறது. காரணத்தோடு சில கொள்குறி வினாக்கள் தர முடியுமா?”

விடைகள் முரண்படுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். அமெரிக்க அரசமைப்புக்குப் பொருந்தும் விடையை இந்திய வினாவுக்கு அப்படியே எடுத்துவைத்துவிடுகிறார்கள். அங்கே அதிபர் நாடாளுமன்றத்துக்கு வெளியே இருப்பவர். இங்கே பிரதமரும் அமைச்சர்களும் நாடாளுமன்றத்துக்கு உள்ளே இருந்து வருபவர்கள். இதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

வினா 1. இந்திய அரசமைப்பில் அதிகாரப் பிரிவினை எவ்வாறு உள்ளது?
(அ) மூன்று துறைகளும் முற்றிலும் பிரிக்கப்பட்டுள்ளன
(ஆ) பிரிவினையே இல்லை
(இ) கண்டிப்பான பிரிவினை இல்லை. ஆனால் பணிகள் தெளிவாக வேறுபடுத்தப்பட்டுள்ளன
(ஈ) பிரிவு 50 மூன்று துறைகளையும் பிரிக்கிறது

விடை (இ). 1955-ல் ராம் ஜவாயா கபூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான். பஞ்சாப் அரசு பாடநூல் வெளியீட்டைத் தானே எடுத்துக்கொண்டதை எதிர்த்து வந்த வழக்கு அது. பலர் (ஈ)-யில் விழுகிறார்கள். பிரிவு 50 பேசுவது நீதித்துறையை நிர்வாகத்திலிருந்து பிரிப்பதை மட்டுமே. அதுவும் அரசு நெறிமுறைக் கோட்பாடுகளில் இருப்பதால், அதைக் காட்டி நேராக நீதிமன்றம் போக முடியாது.

வினா 2. குடியரசுத் தலைவர் ஒரு சாதாரண மசோதாவை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்புகிறார். அவர் ஒப்புதல் தந்தே ஆகவேண்டும் என்ற நிலை எப்போது வரும்?
(அ) இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவுடன் நிறைவேற்றினால்
(ஆ) இரு அவைகளும் சாதாரணப் பெரும்பான்மையுடன் மீண்டும் நிறைவேற்றினால்
(இ) உச்ச நீதிமன்றம் பரிந்துரைத்தால்
(ஈ) பத்து நாள் கடந்தால்

விடை (ஆ), பிரிவு 111. (அ), (ஈ) இரண்டும் அமெரிக்க விதியிலிருந்து வந்தவை. நம்முடைய பிரிவு 111 நாள் கணக்கு எதையும் குறிப்பிடவில்லை. 2006 மே மாதத்தில் அப்துல் கலாம் ஆதாயம் தரும் பதவிகள் தொடர்பான மசோதாவைத் திருப்பி அனுப்பினார். இரு அவைகளும் அதை மாற்றமின்றி மீண்டும் நிறைவேற்றின. ஆகஸ்டில் அவர் கையெழுத்திட்டார். ஆக, நம் குடியரசுத் தலைவர் ஒரு மசோதாவை ஒருமுறை நிறுத்தி யோசிக்கச் சொல்லலாம், அவ்வளவுதான். பண மசோதாவை அப்படித் திருப்பி அனுப்பவும் முடியாது.

இதில் ஒரு பொறி உண்டு. ஆளுநர் ஒரு மாநில மசோதாவைக் குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கிவைத்தால் பிரிவு 201 வந்துவிடும். அங்கே சட்டமன்றம் இரண்டாம் முறை நிறைவேற்றி அனுப்பினாலும் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தே ஆகவேண்டும் என்ற சொற்கள் இல்லை. வினாவில் ‘ஒதுக்கி’ என்ற சொல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

வினா 3. உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்கும் தீர்மானம் மக்களவையில் வாக்கெடுப்புக்கு வருகிறது. ஆதரவு 196, எதிர்ப்பு 0, வாக்களிக்காமல் ஒதுங்கியவர்கள் 205. மொத்த உறுப்பினர் 545. முடிவு என்ன?
(அ) வென்றது, எதிர்ப்பே இல்லை என்பதால்
(ஆ) தோற்றது, வந்திருந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காததால்
(இ) தோற்றது, மொத்த உறுப்பினரில் பெரும்பான்மை கிடைக்காததால்
(ஈ) வென்றது, மாநிலங்களவையும் ஏற்றால்

விடை (இ). இவை கற்பனை எண்கள் இல்லை. 1993 மே மாதம் நீதிபதி வி. ராமசாமிக்கு எதிரான தீர்மானத்தில் பதிவான எண்கள். முன்பு சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர் அவர். விசாரணைக் குழு பல குற்றச்சாட்டுகள் நிரூபணமானதாகச் சொல்லியும் தீர்மானம் தோற்றது.

பிரிவு 124(4) இரண்டு தனித்தனிச் சோதனைகளை வைக்கிறது. ஒவ்வோர் அவையும் இரண்டிலும் தேறவேண்டும். முதலாவது, வந்திருந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு. ஒதுங்கியவர்கள் வாக்களித்தவர்கள் ஆகமாட்டார்கள். ஆகவே வகுக்கும் எண் 196 மட்டுமே, கிடைத்ததும் 196. முதல் சோதனையில் தேறிவிட்டது, எனவே (ஆ) தவறு. இரண்டாவது, அவையின் மொத்த உறுப்பினரில் பெரும்பான்மை. 545-ல் அது 273. வராதவர், ஒதுங்கியவர் எல்லாரும் இந்தக் கணக்கில் சேர்ந்துவிடுகிறார்கள். 196 இங்கே போதவில்லை. எதிர்த்து ஒரு வாக்குகூடப் போடாமல் ஒரு தீர்மானத்தைத் தோற்கடிக்க முடிந்தது இதனால்தான்.

இன்றைய மக்களவையின் 543 இடங்களை வைத்துப் போட்டுப் பாருங்கள். ஆதரவு 272, எதிர்ப்பு 140. மொத்தத்தில் பெரும்பான்மை 272 என்பதால் அந்தச் சோதனையில் தேறிவிடும். ஆனால் வாக்களித்தவர் 412. மூன்றில் இரண்டு பங்குக்கு 275 வேண்டும். மூன்று வாக்கில் தோல்வி. எதிர்ப்பு 100 என்றால் வாக்களித்தவர் 372, தேவை 248, வெற்றி. வினாவில் எண்கள் வந்தால் இரண்டு கணக்கையும் தாளில் எழுதிப் பாருங்கள். மனக்கணக்கில் வகுக்கும் எண் மாறிவிடுகிறது. குடியரசுத் தலைவரை நீக்குவதற்கான பிரிவு 61-ல் ஒரே சோதனைதான், ஆனால் மொத்த உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கு.

வினா 4. நீதிமன்றத் தீர்ப்பு பிடிக்காத சட்டமன்றம் என்ன செய்யலாம்?
(அ) தீர்ப்பு செல்லாது என்று சட்டம் இயற்றலாம்
(ஆ) தீர்ப்புக்கு அடிப்படையாக இருந்த சட்டக் குறையைத் திருத்தலாம்
(இ) எதுவும் செய்ய முடியாது
(ஈ) நீதிபதியின் நடத்தையை அவையில் விவாதிக்கலாம்

விடை (ஆ). பிரிவு 211 மாநிலச் சட்டமன்றத்தில் (ஈ)-யைத் தடுக்கிறது. (அ)-வுக்கும் (ஆ)-வுக்கும் உள்ள வேறுபாடு நுணுக்கமானது; நமக்கு நெருக்கமான உதாரணமும் அதற்கு உண்டு. 1991 ஜூன் 25 அன்று காவிரி நடுவர் மன்றம், தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 205 டி.எம்.சி. தரவேண்டும் என்று இடைக்கால ஆணையிட்டது. ஒரு மாதத்தில் கர்நாடகம் அந்த ஆணையை முடக்கும் நோக்கில் ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். அந்த அவசரச் சட்டம் மாநிலத்தின் அதிகார எல்லைக்கு அப்பாற்பட்டது, நீதித்துறையின் அதிகாரத்தைத் தானே கையில் எடுப்பது என்று நவம்பரில் நீதிமன்றம் சொன்னது.

மறுபக்கம் 1969-ல் வந்த பிருத்வி காட்டன் மில்ஸ் வழக்கு. நகராட்சி வரியைக் கணக்கிட்ட முறைக்குச் சட்டத்தில் இடமில்லை என்று நீதிமன்றம் முன்னர் சொல்லியிருந்தது. குஜராத் சட்டமன்றம் தீர்ப்பைத் தொடவில்லை. அந்த முறைக்கு இடம்தரும்படி சட்டத்தையே பின்னோக்கித் திருத்தியது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. திருத்திய சட்டம் அன்றே இருந்திருந்தால் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தந்திருக்குமா என்று கேட்டுப் பாருங்கள். தந்திருக்காது என்றால் சட்டமன்றம் தன் எல்லைக்குள் நிற்கிறது. சட்டம் அப்படியே இருக்க, தீர்ப்பு மட்டும் செல்லாது என்றால் அது காவிரி அவசரச் சட்டத்தின் வகை.