அந்தக் காலத்தில் யார் யார் இருந்தார்கள்?

கேள்வி: நல்லது, கெட்டது எல்லாமே அந்தந்தக் காலத்து மனிதர்களின் நம்பிக்கைதானே? அந்தக் காலத்தில் அடிமை வியாபாரம் தப்பில்லை, இன்று தப்பு. யார் என்ன நினைத்தாலும் மாறாத அறம் என்று ஒன்று எங்கே இருக்கிறது? காட்டுங்கள் பார்ப்போம்.
– கல்லூரி மாணவர், விருதுநகர்

பதில்: "அந்தக் காலத்தில்" என்ற சொல்லிலேயே நின்றுவிட்டேன். அதோடு எனக்குப் பழைய பகை. வரலாற்றுக் கட்டுரை எது வந்தாலும், "அது காலத்தின் கட்டாயம்" என்ற வரியைக் கண்டால் சிவப்பு மையால் அடித்துவிடுவேன். பல வருடங்களுக்கு முன் ஒருவர் இதற்காகவே கோபித்துக்கொண்டு கட்டுரையைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார். "வரலாறு எழுதுகிறவன் தீர்ப்புச் சொல்லக் கூடாது சார்" என்றார். காலத்தின் தலையில் பழியைப் போடுவதும் தீர்ப்புதான். செய்த ஆளை விடுவிக்கிற தீர்ப்பு. "வீசப்பட்டனர்" என்று எழுதினால் வீசியவன் வாக்கியத்திலிருந்தே தப்பித்துவிடுகிறான். அதையும் அடிப்பேன்.

வீசியது என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது ஸாங் என்ற அடிமைக் கப்பல். 1781-ல் லிவர்பூல் முதலாளிகளுக்குச் சொந்தமான அந்தக் கப்பல் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து 442 பேரை அடைத்துக்கொண்டு ஜமைக்காவுக்குக் கிளம்பியது. வழியில் நோய் வந்தது, பலர் செத்தார்கள். ஜமைக்காவை வேறு தீவு என்று எண்ணித் தாண்டியும் போய்விட்டார்கள். குடிதண்ணீர் போதாது என்று சொல்லி, நவம்பர் 29-ல் தொடங்கிச் சில நாட்களுக்குள் 130-க்கும் மேற்பட்டவர்களை மாலுமிகள் உயிரோடு கடலில் எறிந்தார்கள். இடையில் நல்ல மழை பெய்தது. அதற்குப் பிறகும் எறிந்தார்கள். அன்றைய காப்பீட்டு வழக்கப்படி, நோயில் செத்த அடிமைக்கு இழப்பீடு கிடையாது. கப்பலைக் காப்பாற்ற வேறு வழியின்றிச் சரக்கை எறிந்தால் உண்டு. தலைக்கு 30 பவுண்டு.

முதலாளிகள் பணம் கேட்டார்கள், காப்பீட்டுக்காரர்கள் மறுத்தார்கள், 1783-ல் லண்டனில் வழக்கு நடந்தது. கொலை வழக்கு அல்ல, காப்பீட்டு வழக்கு. ஜூரி முதலாளிகள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மறுவிசாரணை கேட்டு வந்தபோது தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்ட், அடிமைகளை எறிந்தது குதிரைகளை எறிந்தது போலத்தான் என்பதில் ஜூரிக்குச் சந்தேகமே இருக்கவில்லை என்றார். அந்த வாக்கியத்தின் நடுவிலேயே, அது மிகவும் அதிர்ச்சியளிக்கிறது என்றும் சொன்னார்.

இந்த நடுவாக்கியத்தில்தான் என் கட்சி முழுக்க இருக்கிறது. சட்டமும் ஜூரியும் வியாபாரமும் ஒரே குரலில் "குதிரை" என்றன. ஜூரியிடம் விடப்பட்ட கேள்வியும், எறிய வேண்டிய அவசியம் இருந்ததா என்பதுதான். உங்கள் கணக்கில், அன்று அங்கே தப்பு எதுவும் நடக்கவில்லை. அப்படியானால் அந்த மனிதர் எதைக் கண்டு அதிர்ந்தார்?

வளர்ப்பால் அதிர்ந்தார், என்பார் தத்துவவாதி கில்பர்ட் ஹார்மன். 1977-ல் அவர் எழுப்பிய ஆட்சேபம் இது: ஒரு செயலைக் கண்டு நாம் பதறுவதை விளக்க நம் மனமும் வளர்ப்பும் போதும், செயலுக்குள் "தப்பு" என்று ஒன்று இருப்பதாகச் சொல்லத் தேவையில்லை. சரி. எறிந்தது நிஜமாகவே மிளகு மூட்டைகள் என்றால் மான்ஸ்ஃபீல்ட் அதிர்ந்திருப்பாரா? மாட்டார். வாழ விரும்பிய மனிதர்களைப் பணத்துக்காகக் கொன்றதுதான் அவரை உலுக்கியது. தப்பு என்பது அதற்கு மேலே தனியாக மிதக்கும் பொருள் அல்ல, அதுவேதான். தண்ணீரின் சூடு அதன் மூலக்கூறுகளின் ஓட்டத்துக்கு மேல் இன்னொரு பொருள் அல்ல என்பது போல.

கப்பலின் அடித்தட்டில் கிடந்தவர்களும் "அந்தக் காலத்து" ஆட்கள்தானே, அவர்களைக் கேட்டார்களா என்று நான் மடக்கலாம். ஆனால் அது வெறும் ஓட்டு எண்ணிக்கை. பாதிக்கப்பட்டவரே சரி என்று நம்பினால்?

அதையும் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊர் டீக்கடையில் கூரை இடுக்கில் ஒரு தனித் தம்ளர் செருகியிருக்கும். ஒரு பெரியவர் வந்து அதைத் தானே எடுத்துக் கழுவி நீட்டுவார். கடைக்காரர் கை படாமல் உயரத்திலிருந்து ஊற்றுவார். ஒருநாள் அவருடைய பேரன் பலகையில் இருந்த தம்ளரைத் தொட்டுவிட்டான். அடித்தது கடைக்காரர் அல்ல, தாத்தா. "நம்ம முறை தெரியாதாடா?" என்றார். பையன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே, "இதுல ஊத்துனா டீ கெட்டுப் போயிருமா தாத்தா?" என்று கேட்டான்.

கடையில் இருந்த அத்தனை பேரும், தாத்தா உட்பட, ஒரே நம்பிக்கையில் இருந்தார்கள். அறம் என்பது அந்த நம்பிக்கைதான் என்றால், அன்று அங்கே தவறு செய்தவன் அந்தப் பையன் ஒருவன்தான். பின்னால் நிறையப் பேர் அவன் பக்கம் வந்தபோதுதான் அவன் சொன்னது சரியாக மாறியது என்று ஆகும். என்னால் அதை ஒப்புக்கொள்ள முடியாது. ஏற்கெனவே அப்படி இருந்த ஒன்றைத்தான் அவன் பார்த்தான். ஆகவேதான் மற்றவர்கள் மாறியதை நாம் திருந்தியது என்கிறோம். வேட்டியிலிருந்து பேண்ட்டுக்கு மாறியதை அப்படிச் சொல்வதில்லை.

இனி, "எங்கே, காட்டுங்கள்" என்பது. இதை உங்களைவிடக் கூர்மையாகக் கேட்டவர் தத்துவவாதி ஜே. எல். மாக்கி, அதே 1977-ல். "செய்யாதே" என்ற கட்டளையைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிற உண்மை, உலகில் வேறு எதைப் போலவும் இல்லாத விசித்திரப் பொருளாக அல்லவா இருக்கும் என்றார். நான் மேலே சொன்ன சூட்டு உவமை இங்கே காப்பாற்றாது. சூடு யாருக்கும் கட்டளையிடுவதில்லை. இதற்குத் தரப்படும் பதில்களில் எனக்குப் பிடித்தது இது: "ஆதாரம் இல்லாததை நம்பக் கூடாது" என்று நீங்கள் நினைப்பதால்தானே என்னிடம் காட்டச் சொல்கிறீர்கள்? அந்தக் "கூடாது" எங்கே இருக்கிறது? மேசை மேல் எடுத்து வைக்க முடியுமா? இருந்தும் அது என்னைக் கட்டுப்படுத்துகிறது என்றே நம்புகிறீர்கள். ஒரு "கூடாது" விசித்திரம் என்று விரட்டினால் இன்னொன்றும் கூடவே போய்விடும். அப்புறம் மாக்கியின் வாதத்தை ஏற்கவும் காரணம் மிஞ்சாது.

எனக்கு உண்மையிலேயே தூக்கம் கெடுப்பது தத்துவவாதி ஷாரன் ஸ்ட்ரீட் 2006-ல் வைத்த ஆட்சேபம். பிள்ளையைக் காப்பாற்று, உதவியவனுக்கு உதவு என்பவையெல்லாம் நமக்குச் சரியாகத் தோன்றக் காரணம், அப்படித் தோன்றிய நம் முன்னோர்கள் பிழைத்து வம்சம் வளர்த்தார்கள் என்பது. பரிணாமம் பிழைப்பைத்தான் பார்த்தது, உண்மையைப் பார்க்கவில்லை. பிறகு நம் மனம் அறவுண்மையை எட்டியது எப்படி, குருட்டு அதிர்ஷ்டமா? பிழைப்புக்காக வந்த எண்ணும் திறமையை வைத்துக்கொண்டுதான் பிழைப்புக்கு உதவாத பகா எண்கள் வரை போனோம், அதுபோல யோசித்து யோசித்துச் சொந்தக் கூட்டத்தைத் தாண்டினோம் என்பேன். அந்த யோசனைக்கும் மூலதனம் அதே பரிணாமம் கொடுத்த உள்ளுணர்வுதானே என்பார் ஸ்ட்ரீட். அந்த இடத்தில் என் பதில் பாதியில் நிற்கிறது.

ஆனால் நம் கண் எப்படிப் பழகியது என்பது ஒரு கேள்வி, பார்த்த பொருள் அங்கே இருந்ததா என்பது வேறு கேள்வி. ஸ்ட்ரீட் முதலாவதில் என்னை மடக்குகிறார். நீங்கள் கேட்டது இரண்டாவது.