கேரட் எண்ணும், பப்பாளி கொடுக்கும்: கேள்வி பதில்

தக்கலையிலிருந்து ஓர் அம்மா: "வீட்டு மரத்துப் பப்பாளி பழுத்து வீணாப் போகுது. கேரட்லதான் சத்து ஜாஸ்தின்னு எல்லாரும் சொல்றாங்க. நாலு வயசுப் பையனுக்கு எதைக் கொடுக்க?"

பப்பாளியைக் காக்காவுக்கு விடாதீங்க, அம்மா. பட்டியலைப் பார்த்தால் கேரட்தான் ஜெயிக்கும். 100 கிராம் கேரட்டில் ரகத்தைப் பொறுத்து 5 முதல் 8 மில்லிகிராம் வரை பீட்டா கரோட்டின் இருக்கும், பழுத்த பப்பாளியில் கால் மில்லிகிராமை ஒட்டித்தான். ஆனால் இருப்பது வேறு, கைக்கு வருவது வேறு. கேரட்டின் செல்லுக்குள்ளே கரோட்டின் படிகமாக, கற்கண்டுத் துணுக்கு மாதிரி இறுகிக் கிடக்கிறது. செல் சுவரும் தடி. பிள்ளை பச்சையாகக் கடித்து அரைகுறையாக மென்று விழுங்கினால் அதில் பெரும்பங்கு வந்த வழியே வெளியே போகும். பப்பாளியிலோ அது சின்னச் சின்ன உருண்டைகளுக்குள் கொழுப்போடு கலந்து இளகி நிற்கிறது, சதையும் வாயிலேயே உடைகிறது. ஆட்களுக்குக் கொடுத்து ரத்தத்தை அளந்து பார்த்ததில், ஒரே அளவு பீட்டா கரோட்டினுக்குப் பப்பாளியிலிருந்து ஏறியது கேரட்டைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு.

அதற்காகக் கேரட்டைத் தள்ளவும் வேண்டாம். மூன்று மடங்கு ஏறினாலும் கேரட்டில் இருக்கும் அளவு அவ்வளவு பெரிது. உங்கள் பையனுக்கு 50 கிராம் கேரட் துவரன் என்று வைப்போம். 6 மில்லிகிராம் கணக்கில் 3000 மைக்ரோகிராம் கரோட்டின், 12 மைக்ரோகிராம் கரோட்டினுக்கு 1 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ என்ற கணக்கில் 12-ஆல் வகுத்தால் 250 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ. இரண்டு கீற்றுப் பப்பாளி, அதாவது 200 கிராம், பட்டியல் கணக்கில் 95 சொச்சம்தான், அதிலும் பாதி பீட்டா கரோட்டினுடையது இல்லை, அதன் தம்பி ஒருவனுடையது. நிஜத்தில் அது இன்னும் கூடுதலாக ஏறும். துவரன் ஒரு நாள், பழம் ஒரு நாள் என்று போங்கள்.

நாகர்கோவில், கல்லூரி மாணவி: "டீச்சர், ஒரு பீட்டா கரோட்டினை நடுவில் வெட்டினால் ரெண்டு வைட்டமின் ஏ வரும்னு படிச்சேன். அப்போ 12-க்கு 1 எப்படி?"

நல்ல கேள்வி, இன்றைக்கு வந்ததிலேயே. நீ படித்தது சரிதான். சிறுகுடல் சுவரின் செல்லில் இருக்கும் ஒரு நொதி அந்த நீளச் சங்கிலியைச் சரியாக நடுவில் வெட்டுகிறது, இரண்டு ரெட்டினல் வருகிறது. அது ரெட்டினாலாக, அதாவது வைட்டமின் ஏ-யாக மாறி, ஒரு கொழுப்பு அமிலத்தோடு கட்டப்பட்டு, நிணநீர் வழியாகக் கல்லீரலுக்குப் போய்ச் சேமிப்பாகிறது. ஆனால் 12 என்பது வெட்டும் இடத்தின் கணக்கு இல்லை, வாயில் போட்டதிலிருந்து கல்லீரல் வரைக்குமான கணக்கு. எண்ணெயில் கரைத்த சுத்தக் கரோட்டினாக இருந்தால் 2-க்கு 1 போதும். காய்கறிக்குள் சிக்கிக் கிடப்பதில் பெரும்பகுதி குடலில் விடுபடுவதே இல்லை, விடுபட்டதிலும் கொஞ்சம் வெட்டுப்படாமல் அப்படியே ரத்தத்துக்குப் போய்விடும். 12 ஒரு சராசரி. அரைத்தால் குறையும், பச்சையாகக் கடித்தால் கூடும்.

இன்னொன்று. உடம்பில் வைட்டமின் ஏ போதுமான அளவு இருந்தால் வெட்டும் நொதியின் வேலை குறைகிறது. கேரட் தின்று வைட்டமின் ஏ மிஞ்சி விஷமாகாததற்கு இதுதான் காரணம். மீன் ஈரல் எண்ணெய்க்கு இந்தக் காவல் கிடையாது, அதில் இருப்பது ஏற்கெனவே வெட்டி முடித்த சரக்கு. பிறவியிலேயே இந்த நொதி மந்தமாக இருக்கிற ஆட்களும் உண்டு, முட்டையோ பாலோ மீனோ தொடாமல் கேரட்டை மட்டும் நம்பினால் அவர்கள் கணக்கு தப்பும்.

குளச்சல், பாட்டி: "எனக்க பேரனுக்குப் பதினோரு மாசம். உள்ளங்கையும் மூக்கு நுனியும் மஞ்சளா இருக்கு. கீழாநெல்லி கொடுக்கலாமா?"

கொஞ்சம் பொறுங்க, பாட்டி. பகல் வெளிச்சத்தில் பிள்ளையின் கண்ணின் வெள்ளையைப் பாருங்கள். வெள்ளை வெள்ளையாகவே இருந்து, மூத்திரம் வழக்கமான நிறத்தில் இருந்து, இரண்டு வேளையும் கேரட் மசியலும் பப்பாளியும் போகிறதென்றால் பெரும்பாலும் அது வெட்டுப்படாத கரோட்டின் தோலில் தங்கியது. காமாலையில் கண் மஞ்சளாகும், இதில் ஆகாது. காய்கறியை மாற்றிக் கொடுத்தால் சில வாரங்களில் மெல்ல மறையும். கண் மஞ்சளாகத் தெரிந்தாலோ, பிள்ளை சோர்ந்தாலோ அன்றைக்கே டாக்டர். சந்தேகம் என்றாலும் டாக்டர்தான், கீழாநெல்லி இல்லை. பெரியவர்களுக்கு அளவாகத் தின்றும் இப்படி மஞ்சளானால் தைராய்டைப் பார்க்கச் சொல்வேன், அது மந்தமானாலும் வெட்டுவது குறையும்.

மார்த்தாண்டம்: "தினம் கேரட் ஜூஸ் குடித்தால் கண்ணாடியைக் கழற்றலாமா?"

முடியாது. கிட்டப்பார்வை கண்ணின் நீளம் சம்பந்தப்பட்டது. வைட்டமின் ஏ குறைந்து வருவது மாலைக்கண்.

இரணியல், செக்கு வைத்திருப்பவர்: "எண்ணெய் இல்லாமல் கேரட் வேஸ்ட். செக்குத் தேங்காயெண்ணெய்தான் எல்லாத்தையும்விட நல்லா உறிஞ்ச வைக்கும், எழுதி வச்சுக்கோங்க."

முதல் பாதிக்குக் கையெழுத்துப் போடுகிறேன் அண்ணே. கேரட் துருவிய விரலைத் தண்ணீரில் கழுவிப் பாருங்கள், ஆரஞ்சுக் கறை போகாது. ஒரு சொட்டு எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் போகும். வாணலியிலும் அப்படித்தான், வதங்க வதங்க எண்ணெய்தான் நிறம் பிடிக்கும். ஒரு வேளைக்கு 3 முதல் 5 கிராம் கொழுப்பு போதும், துவரனில் போடும் இரண்டு கரண்டித் தேங்காய்த் துருவலிலேயே அது இருக்கிறது. இரண்டாவது பாதியைத்தான் நீங்கள் விற்கிறீர்கள்.

அதற்கு ஒரு மருந்துக்கடைக்காரர்: "டீச்சர், தேங்காயெண்ணெய் நடுத்தர நீளக் கொழுப்பு, நேரே கல்லீரலுக்குப் போகும், கரோட்டினைத் தூக்கவே தூக்காது. அவரிடம் சொல்லுங்கள்."

செக்குக்காரர் மறுபடி: "எங்க தாத்தா 90 வயசு வரைக்கும் கண்ணாடி போடல!"

தாத்தாவை விடுங்கள், அண்ணே. மருந்துக்கடைத் தம்பி சொன்னதில் பாதி சரி. தனியாகப் பிரித்த நடுத்தர நீளக் கொழுப்பை ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் கரோட்டின் ஏறியது வெகுவாகக் குறைந்தது. கொழுப்பு உருண்டை உருவானால்தான் கரோட்டினுக்கு வண்டி கிடைக்கும், நடுத்தரக் கொழுப்பு வண்டி கட்டாமல் ரத்தக்குழாயில் நேரே போய்விடும். ஆனால் தேங்காயெண்ணெய் அந்தப் பிரித்த சரக்கு இல்லை. அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக லாரிக் அமிலம். அது இரண்டு வழியிலும் போகிறது. மிச்சத்தில் நீளக் கொழுப்பும் இருக்கிறது. ஆகவே தூக்கவே தூக்காது என்பது பொய், எல்லாவற்றையும்விட நன்றாகத் தூக்கும் என்பதும் நிரூபணமாகாதது. நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ, வீட்டில் இருப்பதை ஊற்றுங்கள். இருவரும் இங்கே சண்டையை நிறுத்தினால் மற்றவர்களுக்கும் பதில் எழுதலாம்.

கருங்கல்: "வேலைக்குப் போறவங்களுக்குச் சமைக்க நேரமில்லை. பீட்டா கரோட்டின் மாத்திரை?"

வேண்டாம். புகைப்பவர் என்றால் கண்டிப்பாக வேண்டாம். பின்லாந்தில் புகைக்கும் ஆண்கள் 29,000 பேரை வைத்து நடந்த ஆய்வில், தினம் 20 மில்லிகிராம் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக வந்தது. 1994-இல் வெளியான முடிவு. சாப்பாட்டுக் கேரட்டுக்கு இந்தப் பயம் இல்லை. பீடி பிடித்துக்கொண்டே "கண்ணுக்கு நல்லது" என்று டப்பா வாங்கி வந்தவரை நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் வாய் ஓயாமல் சொல்கிறேன்.

மணவாளக்குறிச்சி: "டெங்குவுக்குப் பப்பாளி இலைச் சாறு எத்தனை மில்லி?"

இது வேறு கேள்வி, டாக்டரிடம் கேளுங்கள்.

திங்கள்சந்தை: "கேரட் ஜூஸ் தினமும் குடித்தால் கண் பவர் குறையுமா?"

மேலே மார்த்தாண்டத்துக்குச் சொன்னதைப் படியுங்கள். மூன்றாவது தடவை கேட்பவருக்குப் பதில் எழுத மாட்டேன்.

தக்கலை அம்மா மறுபடி: "பச்சைப் பப்பாளிக்காய்த் துவரன் வச்சாலும் அதே சத்துதானே?"

இல்லையம்மா. கீறிப் பாருங்கள், உள்ளே வெளுப்பாக இருக்கும். பழுக்கும்போதுதான் கரோட்டின் சேரும். காய்த் துவரன் வயிற்றுக்கு இதமாக இருக்கும், தாராளமாக வையுங்கள், ஆனால் வைட்டமின் ஏ கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள். காம்புப் பக்கம் மஞ்சள் ஏறியதும் பறித்து அரிசிப் பானைக்குள் வைத்தால் இரண்டு நாளில் பழுக்கும், அதற்குமேல் மரத்தில் விட்டால் அணில் முந்திக்கொள்ளும்.